செப்டம்பர் ரேட்டு

அரசப்பனின் மண்டியில் கம்ப்யூட்டர் எப்போதும் அரசப்பனைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். சரக்கு கொண்டுபோகிறவர்களுக்குத் தெரிவது அதன் முதுகுதான். மூக்குக் கண்ணாடியை இறக்கி, திரையை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, "போர்டு இன்னிக்கு இவ்வளவு" என்று அரசப்பன் சந்தை விலையாக ஒரு தொகை சொல்லுவார். அதில் வண்டி வாடகை, தூசி, கழிவு என்று இருநூறு ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியை மூட்டைக்கு விலையாகப் போடுவார். தஞ்சாவூரைச் சுற்றியிருக்கிற ஜனம் மூன்று வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, காசை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டு வீடு திரும்பியது. தங்கம் என்ன விலை என்றால் ஒரே விலைதானே சொல்கிறார்கள்? உளுந்தும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். இதில் ஜனத்தைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது!

காத்தாயியும் அப்படி நினைத்தவள்தான். பூதலூர் பக்கத்தில் வாய்க்கால் கரையில் குடியிருக்கிற இருபத்து நான்கு குடும்பங்களில் ஒன்று அவளுடையது. தாளடி நெல் அறுப்புக்கு முன்னாலேயே வயல் ஈரத்தில் தெளித்த உளுந்து பங்குனியில் காய்ந்து நிற்கும்போது, அந்தப் பெண்கள்தான் போய்ப் பிடுங்கி, அடித்து, தூற்றிக் கொடுப்பார்கள். கூலி காசாக இல்லை, உளுந்தாகவே பங்கு. அந்தப் பங்கைக் கொஞ்சம் கூட்டிக் கொடு என்று கேட்டதற்காக அவர்களுடைய அப்பன், பாட்டன் எல்லாம் அடி வாங்கியிருக்கிறார்கள், சிறைக்குப் போயிருக்கிறார்கள், குடிசை எரிந்து நின்றிருக்கிறார்கள். அப்படி வந்த உளுந்தை ஆளுக்கொரு மூலையில் மரக்கால் கணக்கில் விற்றால் எவனும் மதிக்கமாட்டான் என்று, காத்தாயி வீடு வீடாகச் சேர்த்து, மூட்டை பிடித்து, பூதலூர் அரிசி மில்லுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வைத்து, விலை பார்த்து விற்றுக் கொடுப்பாள். மூட்டைக்கு ஐம்பது ரூபாய் அவளுக்கு. மற்றது மொத்தமும் சரக்குக்காரிகளுக்கு.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் இருபத்து நான்கு மூட்டை சேர்ந்தது. இந்த முறை அந்தக் காசை யாரும் பிரித்துக்கொள்வதாக இல்லை. பொதுப்பணித் துறையிலிருந்து வாய்க்கால் கரையைக் காலி செய்யச் சொல்லி இரண்டு முறை தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சித்திரையில் தேர்தல் நடந்தது, ஆட்சி மாறியது, நிலமில்லாதவனுக்கு இரண்டு ஏக்கர் என்று ஊரெல்லாம் பேச்சு. "ரெண்டு ஏக்கர் வர்றப்ப வரட்டும், நமக்கு மொதல்ல தலையை நீட்டிப் படுக்க மூணு சென்டு வேணுமே" என்றாள் அந்தக் கரையில் இருக்கிற பொன்னுத்தாய். அவள் வாய் எப்போதும் அப்படித்தான், சுள்ளென்று இருக்கும்.

முக்கால் ஏக்கர் திடல் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அந்த ஊர் நிலம் முழுக்க யாருடையதோ, அந்தக் குடும்பத்து ராமச்சந்திரன், மாம்பலத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார், அதை விற்பதாக இருந்தார். பத்திரச் செலவோடு தொண்ணூற்றையாயிரம். குடும்பத்துக்கு மூன்று சென்டு மனை, போக மீதி நடைபாதை. "நீங்க எடுத்துண்டா எனக்கு சந்தோஷம். ஆனி பதினஞ்சு வரைக்கும் வேற ஆளுக்குப் பேசமாட்டேன். அதுக்கு மேல எனக்கும் பேரன் படிப்பு இருக்கு" என்று போனில் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷர். ஆனால் பதினாறாம் தேதியும் அதே சொல்லைக் காப்பாற்றுவார் என்பதும் காத்தாயிக்குத் தெரியும்.

ஜூன் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஒரு பொட்டலத்தில் மாதிரி உளுந்தை எடுத்துக்கொண்டு அவள் மண்டிக்குப் போனாள். அரசப்பன் உள்ளங்கையில் கொட்டி, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்தார். சுவரில் போன மாதம்வரை ஒரு தலைவரின் படம் இருந்தது. இப்போது வேறு தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். மாலை மட்டும் அதே பிளாஸ்டிக் மாலை.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு, காத்தாயி. ஆனா போர்டு இன்னிக்கு மூவாயிரத்து எழுநூத்து அம்பதுதான். கழிவு போக மூவாயிரத்து ஐந்நூத்து அம்பது போடலாம்."

காத்தாயி மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். எண்பத்தையாயிரத்துச் சொச்சம். பத்தாயிரம் இடிக்கிறது.

"இன்னும் ஏறுமா, முதலாளி?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? வண்டு விழறதுக்குள்ள தள்ளிரு. டீ சாப்பிட்டுப் போ."

டீ எப்போதும் கொடுப்பார். அதில் குறை சொல்லக் கூடாது. நாற்பத்தாறு வயசுக்காரியை, பேரன் பேத்தி எடுத்தவளை, நீ வா போ என்பார். அதையும் அவள் இத்தனை நாளாகக் குறை சொன்னதில்லை.

திரும்பும்போது பூதலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஹபீபுன்னிசாவின் கடையில் இறங்கினாள். திடலின் வில்லங்கச் சான்றை ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. ஜெராக்ஸோடு நான்கு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டரும் நடத்துகிறவள் ஹபீபுன்னிசா. வணிகவியல் படித்தவள். காத்தாயி சும்மா வாயில் வந்ததைக் கேட்டாள்.

"ஏன் தங்கச்சி, இந்த உளுந்து போர்டுங்கிறாங்களே, அது உன் பெட்டியில தெரியுமா?"

"ஏன் தெரியாது? பருத்தி யாவாரி ரெண்டு பேர் தினமும் வந்து பாத்துட்டுப் போறாங்க. இப்படி உக்காருங்கக்கா."

திரை மெதுவாக, மேலிருந்து கீழே இறங்கி வந்தது. உளுந்து என்கிற இடத்தில் ஹபீபுன்னிசா விரலை வைத்தாள். காத்தாயிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும், ஆனால் எண் என்றால் கண் தானாகப் போய் நிற்கும். ஒரு விலை இல்லை. நான்கு வரிசை, நான்கு விலை.

"இதுல எது போர்டு?"

"எல்லாமே போர்டுதான்க்கா. ஜூன் மாசத்துக்கு நாலாயிரத்து நூத்து எம்பது. ஜூலைக்கு நாலாயிரத்து நூத்து இருவது. ஆகஸ்டுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவது. செப்டம்பருக்கு..."

"மூவாயிரத்து எழுநூத்து அம்பது" என்றாள் காத்தாயி.

"ஆமா. எப்படித் தெரியும்?"

காத்தாயி மண்டியில் கேட்டதைச் சொன்னாள். ஹபீபுன்னிசா பொறுமையாக விளக்கினாள். மும்பையில் உளுந்து ஒப்படைப்பதாகப் பேசி, வரப்போகிற மாதங்களுக்கு இன்றைக்கே வாங்குகிறார்கள், விற்கிறார்கள். விலை நூறு கிலோவுக்கு, அதாவது மூட்டை ஒன்றுக்கு. ஒவ்வொரு மாதத்துக்கும் தனி விலை. ஜூன் வரிசை இருபதாம் தேதியோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் ஜூலைதான் முதல் வரிசை. இன்றைக்குக் கையில் இருக்கிற சரக்கின் விலை முதல் வரிசையை ஒட்டித்தான் போகும். செப்டம்பர் விலை என்பது செப்டம்பரில் கொடுக்கப்போகிற உளுந்துக்கு. அப்போது வடக்கே புது விளைச்சல் வந்துவிடும், பர்மாவிலிருந்தும் கப்பல் வரும் என்று கணக்குப் போட்டு இப்போதே குறைத்துக் கேட்கிறார்கள்.

"அப்ப என் உளுந்து இன்னிக்கு இருக்கு. அதுக்கு ஏன் அந்த ஆளு செப்டம்பர் ரேட்டு சொல்றான்?"

ஹபீபுன்னிசா செப்டம்பர் வரிசையிலிருந்து விரலை எடுத்தாள். காத்தாயி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பழசு பாக்க முடியுமா? போன ஆடி பதினெட்டு?"

பார்க்க முடிந்தது. போன வருஷம் ஆடிப்பெருக்கன்று காத்தாயி பதினோரு மூட்டை போட்டிருந்தாள், போர்டு இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து என்றிருந்தார் அரசப்பன். அன்றைக்கு முதல் வரிசை அதேதான். அடுத்தடுத்த மாதங்கள் ஏறிக்கொண்டு போயின. சரி, அது நியாயம்தான், அன்றைய சரக்குக்கு அன்றைய வரிசை என்று அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு தீபாவளிக்கு முந்தின வாரத்தைப் பார்க்கச் சொன்னாள். மீதி ஒன்பது மூட்டையை அப்போதுதான் விற்றாள். போர்டு இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது என்றிருந்தார். திரையில் நவம்பர் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பத்து. டிசம்பர் அதற்குக் கீழே. ஜனவரி இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

பின்மாதம் உசந்திருந்தால் முன்மாதத்தைப் படிப்பான். பின்மாதம் தாழ்ந்திருந்தால் பின்மாதத்துக்குத் தாவுவான். எந்த வரிசை குறைச்சலோ அதுதான் போர்டு! அடப் பாவி! ஒரு பொய் சொன்னானா என்றால், இல்லை. படித்ததெல்லாம் திரையில் இருந்ததுதான். மூன்று வருஷமாக, டீ வாங்கிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே.

இதில் காத்தாயிக்கு வயிறு எரிந்த இடம் வேறு. அந்தத் தீபாவளிக்கு, "போர்டு இறங்கிடுச்சு, நான் என்னடி பண்ணட்டும்" என்று வீடு வீடாகச் சொன்னது யார்? அவள்தான். வேறு ஊர்ச் சந்தையில் விற்ற தன் அண்ணன் மூட்டைக்கு நூற்றைம்பது கூட வாங்கினான் என்று பொன்னுத்தாய் தெருவில் நின்று கத்தினாள். "நடுவுல எங்க போச்சு? உன் மடியிலயா?" என்று கேட்டாள். காத்தாயி அன்றைக்குச் சாமி மேல் சத்தியம் செய்தாள். சத்தியமும் உண்மைதான், பொய்யும் அவள் வாயால்தான் போய்ச் சேர்ந்தது. "என் வாயாலயே என் ஜனத்தை ஏமாத்த வச்சுட்டானே" என்று அவள் முனகியபோது ஹபீபுன்னிசா எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்தாள்.

அன்று சாயங்காலம் கரையில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். பொன்னுத்தாய் சொன்னாள்: "அன்னிக்கு உன்னப் பேசினது தப்புதான். அதுக்காக கால்ல எல்லாம் விழமாட்டேன்."

"விழ வேணாம். சும்மா இரு, அது போதும்."

ஆனால் சும்மா இருக்க யாரும் தயாராக இல்லை. நாலாயிரம் தாண்டிவிட்டதா, அப்படியென்றால் ஐயாயிரமும் வரும், பிடித்து வைப்போம் என்று ஒரே கூச்சல். திடல் போய்விடுமே என்றால், ஐயாயிரம் வந்தால் வேறு திடல் கிடைக்காதா என்றார்கள். பட்ட வயிற்றெரிச்சலில் வந்த ஆசை அது. காத்தாயிக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

"பின்னால மாசம் வெல உசந்திருந்தா வச்சிருக்கலாம்டி. அறை வாடகைக்கும் வண்டு தின்றதுக்கும் கூலி கெடைக்கும். இப்ப பின்னால தாழ்ந்து கெடக்கு. செப்டம்பருக்கு வாங்கறவன் நானூறு கம்மியாக் கேக்கறான். அவன் என்ன நம்மள மாதிரி ஒத்த மூட்டைக்காரனா? கப்பலு கப்பலா வாங்கறவன். வச்சிருக்க வச்சிருக்க நமக்குத் தேயும். நான் தினம் போய்ப் பாக்கறேன். மொத மாசம் இன்னும் ஏறுதான்னு பாப்போம். இன்னிக்கு வெலைக்கே தொண்ணூத்தையாயிரத்தைத் தொட்டுடும், ஏத்தம் நிக்கற அன்னிக்கு வித்துருவோம். ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் வெளிய ஒருத்தர் மூச்சு விடக்கூடாது. மண்டிக்காரன் காதுல விழுந்தா நம்ம சரக்கைத் தொடவே மாட்டான்."

மூச்சு விடக்கூடாது என்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் நடந்தாள். வீட்டுக்கும் ஹபீபுன்னிசா கடைக்கும் மூன்று கிலோமீட்டர். பத்து ரூபாய் கொடுக்கப் போனால் ஹபீபுன்னிசா வாங்கமாட்டாள், காத்தாயி மேசையில் வைத்துவிட்டு வருவாள். நான்கு வரிசையையும் பேரனின் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதினாள். ஜூன் நாலாயிரத்து இருநூறு ஆனது, இருநூற்று அறுபது ஆனது, முந்நூற்று நாற்பதைத் தொட்டது. அன்றைக்குக் கரையில் ஒரே குதியாட்டம். மறுநாள் முந்நூற்று இருபது. இருபதாம் தேதி கிட்டே வர வர அந்த வரிசையில் வியாபாரம் மெலிந்துகொண்டே வருவதை ஹபீபுன்னிசா காட்டினாள், ஆட்கள் ஜூலைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஜூலை விலையும் அசையாமல் நின்றது. இங்கே அறையில், வண்டு அண்டாமலிருக்கப் போட்ட நொச்சித் தழையை மீறி ஒரு மூட்டையில் வண்டு தென்பட்டது.

பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை சந்தை திறந்ததும் ஜூன் நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. செப்டம்பர் மூவாயிரத்து எண்ணூற்று இருபது. இருநூறு கழிவு போக இருபத்து நான்கு மூட்டைக்குப் பெருக்கினால் தொண்ணூற்றெட்டாயிரத்துச் சொச்சம். "தாள்ல அடிச்சுக் குடு தங்கச்சி" என்றாள். வாசலில் மூட்டை ஏற்றிய மினி வேன் நின்றுகொண்டிருந்தது.

மண்டியில் நல்ல கூட்டம். பத்துப் பதினைந்து பேர் சரக்கோடு காத்திருந்தார்கள். அரசப்பன் கண்ணாடியை இறக்கினார்.

"போர்டு இன்னிக்கு மூவாயிரத்து எண்ணூத்து இருவது."

காத்தாயி மேசைக்குப் பக்கத்தில் போய்த் தாளை விரித்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எந்த மாசத்துக்கு, முதலாளி?"

அரசப்பன் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை, வேண்டாத விருந்தாளி வந்ததுபோல ஓர் அலுப்புதான் இருந்தது.

"உள்ள வா."

உள் அறையில் அவர் உட்கார்ந்தார், அவள் நின்றாள்.

"இதெல்லாம் உனக்குப் புரியாது. அது மும்பை வெல. பர்மா உளுந்து வெல. நம்ம சரக்கு அங்க போய்ச் சேர லாரி வாடகை, கூலி..."

"அதுக்குத்தான் இருநூறு கழிக்கிறீங்களே. அதை நான் வேணாம்னு சொல்லல. எந்த மாசத்துலேர்ந்து கழிக்கிறீங்கன்னு கேக்கறேன்."

அரசப்பன் எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"சரி. உனக்கு மட்டும் நாலாயிரத்து நூத்துப் பத்து. அந்தத் தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்க. வெளிய நிக்கறவன்கிட்ட வாயத் தொறக்காத."

அவள் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "ரேட்டை எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

எடை போட்டார்கள். மூட்டை வாயைக் கோணி ஊசியால் தைத்து, மேலே மண்டியின் பெயரை மை தொட்டுக் குத்தினார்கள். மை குத்திவிட்டால் வியாபாரம் முடிந்தது, அது அந்தத் தெருவில் எல்லா மண்டிக்கும் உள்ள வழக்கம். மை காய்வதற்குள் விலை ஐம்பது ஏறினாலும் சரக்குக்காரன் மூட்டையைத் திருப்பிக் கேட்க முடியாது. கேட்டு அழுதவர்கள் உண்டு, ஒருவருக்கும் திரும்பக் கிடைத்ததில்லை. கணக்கப்பிள்ளை துண்டுச் சீட்டில் ரேட்டு எழுதிக் கொடுத்தார். தொண்ணூற்றெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாயைக் காத்தாயி இரண்டு முறை எண்ணி, மஞ்சள் பையில் போட்டுச் சுருட்டி, மடியில் கட்டினாள். இருபத்து நான்கு மனை அவள் இடுப்பில் இருந்தது.

லாரியில் மூட்டை ஏற்ற ஆரம்பித்தார்கள். லாரி வாசலைத் தாண்டட்டும், அப்புறம் வாயைத் திறக்கலாம் என்று அவள் தூண் ஓரமாக நின்றாள். காசு கையில் இருந்தாலும் அரசப்பனை நம்ப முடியாது. அவர் ஆட்கள் எட்டுப் பேர் அங்கே நின்றார்கள்.

அடுத்த சரக்கு மருதையன் என்கிற பெரியவருடையது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குத்தகைக்காரர், எழுபது வயசிருக்கும், ஆறு மூட்டை. "மூவாயிரத்து அறுநூத்து இருவது" என்றார் அரசப்பன். பெரியவர் கையைக் கூப்பினார். கும்பிட்டார்! தன்னைக் கொள்ளையடிக்கிறவனைக் கும்பிட்டார்! முதல் மூட்டையைத் தைத்து மை குத்தினார்கள். லாரியில் இன்னும் பாதிகூட ஏறவில்லை. இரண்டாவது மூட்டைக்கு மை குத்தினார்கள். ஏற்றுகிற ஆள் ஒருத்தன் பீடி பற்றவைக்கப் போனான். ஏண்டா நாசமாப் போறவனே, இப்பதானா உனக்குப் பீடி! மூன்றாவது மூட்டைக்கு மை குத்தினார்கள். நான்காவது மூட்டையில் ஊசி இறங்கியது.

"நிறுத்துடா!"

தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. ஓடிப்போய் அந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். துண்டுச் சீட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னிக்கு ரேட்டு நாலாயிரத்து நூத்துப் பத்து! எனக்குப் போட்டிருக்காரு, பாத்துக்கங்க! இந்தப் பெரியவருக்கு ஏன் மூவாயிரத்து அறுநூறு? போர்டுல நாலு மாசம் இருக்கு, நாலு வெல இருக்கு! குறைச்சலா இருக்கறதா பாத்து நமக்குப் படிக்கிறாரு! அந்தப் பெட்டியை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க!"

மண்டி ஒரு நொடி அடங்கிப் பிறகு வெடித்தது. அரசப்பன் எழுந்து வந்தார்.

"காசை வை கீழ. உன் சரக்கு எனக்கு வேணாம். டேய், லாரியிலேர்ந்து அவ மூட்டையை இறக்குங்கடா."

காத்தாயியின் கை மடியைப் பிடித்துக்கொண்டது. போச்சு, திடல் போச்சு என்று நினைத்தாள். ஆனால் வாய் அடங்கவில்லை.

"மை குத்தின மூட்டையை இந்த மண்டியில என்னிக்காவது திருப்பிக் குடுத்திருக்கீங்களா? சொல்லுங்க! ஒருத்தருக்காவது?"

அதற்கு அவளுக்குப் பதில் சொன்னது கூட்டம்தான். எனக்குக் கொடுக்கவில்லை என்றான் ஒருத்தன். எங்கப்பா இதே வாசலில் உட்கார்ந்து அழுதார், கொடுத்தீர்களா என்றாள் ஒருத்தி. சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்கைந்து பேர் லாரிக்கும் அரசப்பனின் ஆட்களுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ போய்க் கம்ப்யூட்டரைத் திருப்பினார்கள். இழுத்த இழுப்பில் ஒயர் பிடுங்கிக்கொண்டு திரை அணைந்துபோனது. பரவாயில்லை, தாள் இருந்தது, கைக்குக் கை போனது.

அரசப்பன் வியாபாரி. பதினைந்து பேர் சரக்கைத் தூக்கிக்கொண்டு எதிர் மண்டிக்குப் போய், அந்தத் தாளையும் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் காத்தாயிக்குச் சகிக்கவில்லை.

"எதுக்கு இவ்வளவு சத்தம்? இன்னிக்கு எல்லாருக்கும் நாலாயிரத்து நூத்துப் பத்து போடுங்கய்யா."

"பெரியவரோட மூணு மூட்டைக்கும் சேத்து" என்றாள் காத்தாயி.

"அது எப்படி? மை குத்தியாச்சே. இப்பத்தானே நீயே சட்டம் பேசின?"

கூட்டம் கத்தத்தான் செய்தது. ஆனால் தங்கள் தங்கள் மூட்டைக்கு நாலாயிரத்து நூற்றுப் பத்து கிடைத்துவிட்ட கூட்டத்தின் கத்தலுக்கு எவ்வளவு நேரம் வலு இருக்கும்? எடை போட எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். காத்தாயியின் மூட்டைகளோடு லாரி புறப்பட்டுப் போனது.

மருதையன் காசை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். காத்தாயி அவர் பின்னாலேயே போனாள். மூன்று மூட்டைக்கு ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய் போயிருக்கிறது. தன் ஐம்பது ரூபாய்ப் பங்கு மொத்தமும் சேர்த்தால் ஆயிரத்து இருநூறு வரும், அதைக் கொடுத்துவிடலாம் என்று மடியை அவிழ்த்தாள்.

"இதை வச்சுக்கங்க, பெரியவரே. அந்த ஆளு திங்க விடக்கூடாது."

அவர் காசைப் பார்க்கவே இல்லை. அவள் கையில் மடங்கியிருந்த தாளைத்தான் பார்த்தார்.

"தாயி, இந்த ரேட்டு விஷயம் ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் வாயில் பொய் வரவில்லை.

"பத்து நாளா."

பெரியவர் தலையை ஆட்டினார். கோபமாகக்கூட இல்லை.

"என் தம்பி போன திங்கக்கிழமை இங்கதான் பன்னெண்டு மூட்டை போட்டுட்டுப் போனான்."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார். ஆயிரத்து இருநூறு ரூபாய் அவள் கையிலேயே இருந்தது.

பத்து நாள். மூச்சு விடக்கூடாது என்று அவள்தானே சொன்னாள்? இந்த வாசலில் தினம் எத்தனை பேர் கையைக் கூப்பினார்களோ, எத்தனை மூட்டைக்கு மை குத்தினார்களோ. சொல்லியிருந்தால் தன் சரக்கு நின்றுபோயிருக்கும், திடல் போயிருக்கும், அதுவும் நிஜம்தான். ஒரு கொள்ளைக்காரன் செய்த காரியத்துக்குத் தான் வெட்கப்பட்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது, அரசப்பன் மேல் பாதி, தன் மேல் பாதி. உள்ளே அவர் யாருக்கோ டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனி பதினைந்துக்கு ஒரு வாரம் முன்பே பத்திரம் பதிந்தாயிற்று. ஜூன் கடைசியில் பருப்பு ஏற்றுமதிக்கு டெல்லி தடை போட, விலை சரிந்தது. "காத்தாயி சொன்ன அன்னிக்கே வித்தது நல்லதாப் போச்சு" என்று பொன்னுத்தாய் திடலில் கயிறு பிடித்து அளந்துகொண்டே எல்லோரிடமும் சொன்னாள். காத்தாயி அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அன்றும் திங்கட்கிழமை. பத்தரை மணிக்கு ஹபீபுன்னிசா அன்றைய ரேட்டு நான்கையும் அடித்துக் கொடுத்த தாள்கள் இருபது கையில் இருந்தன. பதினொன்றரை மணிக்குள் மண்டித் தெருவுக்குப் போயாக வேண்டும். பன்னிரண்டு மூட்டை போட்ட அந்தத் தம்பியின் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால் தெருவுக்குச் சரக்கோடு வருகிற ஒவ்வொரு ஆளிடமும் ஒரு தாளைக் கொடுத்தாள்.